நாட்குறிப்பு எது, சிந்தனை மீட்சி எது? சிவப்பு மையோடு நோட்டு திரும்பி வந்துவிட்டது

பயிற்சி_ஆசிரியை | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிராக்டிகம் செய்கிறேன். இது நான்காவது வாரம். தினமும் பாடத்திட்டத்தின் கடைசியில் சிந்தனை மீட்சி எழுத வேண்டும், வாரம் ஒரு முறை அதைத் தனி நோட்டில் விரிவாகவும் எழுத வேண்டும். நேற்று விரிவுரையாளர் வந்து பார்த்துவிட்டு, சிவப்பு மையில் "இது நாட்குறிப்பு. சிந்தனை மீட்சி எங்கே?" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு நாளும் விடாமல் எழுதியிருக்கிறேன், அதனால்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. போன புதன்கிழமை எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ஆண்டு 2, கணிதம், காலை 8.10 முதல் 9.10 வரை. தலைப்பு: மூன்று இலக்கக் கழித்தல். 11 மாணவர்களில் 4 பேர் பாடநோக்கத்தை அடைந்தனர். எஞ்சிய 7 மாணவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது. மாணவர்கள் கவனக் குறைவாக இருந்தனர். அடுத்த வகுப்பில் இன்னும் பொறுமையாகக் கற்பிப்பேன்."

இதில் என்ன குறை? நடந்ததை எழுதியிருக்கிறேன், காரணம் எழுதியிருக்கிறேன், அடுத்து என்ன செய்வேன் என்றும் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாலைநேரம் | செவ்வாய், இரவு 10.05

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இதில் உங்கள் உணர்வு ஒரு வரிகூட இல்லை. நாட்குறிப்பு என்றால் என்ன நடந்தது என்பது, ஜர்னல் என்றால் மனசில் என்ன நடந்தது என்பது. அவ்வளவுதான் வித்தியாசம். ஏழு பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்றதும் உங்களுக்கு எப்படி இருந்தது? அதை எழுதுங்கள். நான் பத்து வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன், படுக்கும் முன் மனசு லேசாகிவிடும்.

பெரட்டுக்களம் | புதன், காலை 6.20

அம்மா, நான் ஓய்வு பெற்ற கிராணி. 1974 முதல் தினமும் டைரி எழுதுகிறேன். "காலை மழை. பால் வெட்டு இல்லை." "பெரட்டுக்கு 61 பேர்." "சம்பளம் போட்டாச்சு." இப்படித்தான் இருக்கும். இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. காரணம் எழுதப் போனால் அன்றைக்கு இருக்கும் கோபத்தில் எதையாவது எழுதிவிடுவோம், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பொய்யாக இருக்கும். மழை பெய்தது என்பது எப்போதும் மழை பெய்ததுதான். புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதினாரே, இன்றைக்கும் சரித்திரம் படிப்பவர்கள் அதைத் தேடிப் போவது எதற்காக? யார் வந்தார், என்ன சொன்னார், என்றைக்குக் கப்பல் வந்தது என்று எழுதி வைத்திருப்பதற்காக. உங்கள் விரிவுரையாளர் நாட்குறிப்பைக் குறைவாகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டு2_டீச்சர் | புதன், மாலை 4.15

தங்கச்சி, நான் இருபது வருடத்துக்கு மேல் கீழ்நிலை வகுப்புகளில்தான் இருக்கிறேன். பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். நீங்கள் எழுதியது நம் ஊரில் எல்லாரும் எழுதும் வாக்கியம்தான். "11 பேரில் 4 பேர்" என்ற எண்ணை மட்டும் மாற்றினால் அறிவியல் பாடத்துக்கும் ஆகும், தமிழ்ப் பாடத்துக்கும் ஆகும். அதை வைத்தே நீங்கள் கண்டுபிடிக்கலாம். எந்த நாளுக்கும் பொருந்துகிற காரணம் அந்த நாளின் காரணம் இல்லை.

"கவனக் குறைவாக இருந்தனர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது காரணம் மாதிரி இருக்கிறது, ஆனால் அங்கேயே கேள்வி முடிந்துவிடுகிறது. கவனம் இல்லாத பிள்ளை எந்தக் கணக்கையும் எப்படி வேண்டுமானாலும் தப்பாகப் போடும். உங்கள் ஏழு பிள்ளைகளும் எப்படித் தப்பாகப் போட்டார்கள்? பயிற்சித் தாள் இருக்கிறதா? ஒரு கணக்கையும், ஏழு பேர் எழுதிய விடையையும் இங்கே போடுங்கள். அப்புறம் பேசலாம்.

மாலைநேரம் சொன்னது பாதி சரி. ஆனால் "எனக்கு வருத்தமாக இருந்தது" என்பதும் ஒரு நிகழ்ச்சிதான். மழை பெய்தது மாதிரி, வருத்தம் வந்தது. எதைப் பார்த்ததும் வந்தது என்று கேட்டால்தான் அது உதவும்.

சிப்புட்காரன் | புதன், மாலை 5.00

நல்ல தடித்த நோட்டு எங்கே வாங்கலாம் என்று யாராவது சொல்ல முடியுமா? என் மகளும் ஜர்னல் எழுத ஆரம்பிக்கப் போகிறாள். பக்கத்துக்குத் தேதி போட்டதா, போடாததா, எது நல்லது?

ஆண்டு2_டீச்சர் | புதன், மாலை 5.30

ஐயா, தேதி போடாததே போதும். கொஞ்சம் எழுதுகிற நாளில் பக்கம் காலியாகக் கிடந்து உறுத்தாது. சாதாரண பள்ளி நோட்டு வாங்கிக் கொடுங்கள். இடது பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்கள், வலது பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பயிற்சி_ஆசிரியை | புதன், இரவு 8.50

டீச்சர், தாள் என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஒரு கணக்கை எடுத்தேன்:

352 − 138

சரியான விடை 214. ஏழு பேரில் ஐந்து பேர் 226 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் 224. வேறு எந்த விடையும் இல்லை. இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அன்றைக்குத் திருத்தும்போது தப்பு, தப்பு என்று போட்டுக்கொண்டே போய்விட்டேன்.

ஆண்டு2_டீச்சர் | புதன், இரவு 9.20

பார்த்தீர்களா, கவனமே இல்லாத ஐந்து பேர் ஒரே தப்பான விடையை எழுத மாட்டார்கள். அவர்கள் ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறார்கள். ஒன்றின் இடத்தில் 2 மேலே இருக்கிறது, 8 கீழே இருக்கிறது. அவர்கள் 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டிருக்கிறார்கள். பத்தின் இடத்தில் 5-இல் 3 போக 2. நூறில் 3-இல் 1 போக 2. ஆக 226. ஒவ்வொரு இடத்திலும் எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள்.

224 எழுதிய இரண்டு பேர் வேறு. அவர்கள் பத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி 12-இல் 8 போக 4 என்று சரியாகவே போட்டார்கள். ஆனால் கொடுத்த 5 நான்காகக் குறையவில்லை, 5-ஆகவே இருந்துவிட்டது.

இப்போது உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்ற விதியை அந்த ஐந்து பேருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? உடனே பதில் எழுத வேண்டாம். முந்தின வாரப் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

செம்பனைச்சாலை | புதன், இரவு 11.10

டீச்சர்மாருங்க பேசுகிற இடத்தில் நான் வரலாமா என்று தெரியவில்லை. நான் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினேன். போன வருடம் ஒரு விபத்து. யாரும் சாகவில்லை, ஆனால் என் கூட வந்த பையனுக்குக் கால் போய்விட்டது. மனசில் இருப்பதை எழுது, சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். மூன்று மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் "ஏன் நடந்தது, ஏன் எனக்கு நடந்தது" என்றுதான் எழுதுகிறேன். எழுத எழுதத் தூக்கம்தான் போகிறது. மேலே டீச்சர் ஏன் என்று கேள் என்கிறார். எனக்கு அந்த ஏன்தான் ஆகாததாக இருக்கிறது.

மாலைநேரம் | வியாழன், காலை 7.30

அண்ணா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. விடாமல் எழுதுங்கள், எல்லாம் வெளியே வந்துவிட்டால் போய்விடும்.

ஆண்டு2_டீச்சர் | வியாழன், மதியம் 2.40

அண்ணா, நீங்கள் தாராளமாக வரலாம். மாலைநேரம், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த இடத்தில் "விடாமல் எழுதுங்கள்" என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை எழுத வைத்துப் பார்த்தார்கள். 1986-இல் வெளியான ஆய்வு. தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். மனசைப் பாதித்த ஒன்றைப் பற்றி ஒரு குழு நடந்ததை மட்டும் எழுதியது, இன்னொரு குழு உணர்வை மட்டும் எழுதியது, மற்றொன்று இரண்டையும் சேர்த்து எழுதியது. சாதாரண விஷயத்தை எழுதிய குழுவும் ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள்தான் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனநிலை இன்னும் மோசமாகத்தான் இருந்தது. அண்ணா, அவர்கள் எழுதியது நான்கே நாள். நீங்கள் மூன்று மாதமாக எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. "ஏன் எனக்கு" என்ற கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் அது சரியா தப்பா என்று பார்க்க வழியே இல்லை. அதனால் அது முடியாது, மறுநாளும் அதே வரிதான் வரும். மூன்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். புதிதாக ஒரு விவரமும் சேராமல் அதே வரி திரும்பி வந்தால் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். ஈதன் கிராஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 2005-இல் ஒரு ஆய்வு எழுதினார்கள். நடந்ததை மறுபடியும் உள்ளே நின்று அனுபவித்துக்கொண்டே "ஏன்" கேட்டவர்களுக்குக் கொதிப்பு தணியவில்லை. வெளியே தள்ளி நின்று, அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே கேட்டவர்களுக்குக் கொஞ்சம் தணிந்தது.

நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். பிறகு எழுதினால் பகலில் எழுதுங்கள், "அந்த டிரைவர்" என்று வேறு ஆளைப் பற்றி எழுதுவது போல எழுதுங்கள், 15 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். தூக்கம் போயிருக்கிறது என்கிறீர்கள், அதைக் கிளினிக் டாக்டரிடம் சொல்லுங்கள். நோட்டு எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

செம்பனைச்சாலை | வியாழன், இரவு 8.00

புரட்டிப் பார்த்தேன். ஒரே வரிதான். நாளைக்கு வீட்டம்மாவோடு கிளினிக் போகிறேன். நன்றி டீச்சர்.

பயிற்சி_ஆசிரியை | வியாழன், இரவு 10.30

டீச்சர், கண்டுபிடித்துவிட்டேன். சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அதற்கு முந்தின வாரம் கடன் வாங்காத கழித்தல் நடத்தினேன். பாடத்திட்டத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்பதை வலியுறுத்துதல்." கரும்பலகையிலும் எழுதினேன், பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவும் வைத்தேன். முழு எண்ணை நினைத்துச் சொன்னேன். அவர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் எல்லாக் கணக்கிலும் மேலே இருந்த இலக்கம்தான் பெரியது, அதனால் அவர்கள் விதி தப்பாகவே தெரியவில்லை. 11 பேரும் பாடநோக்கத்தை அடைந்தனர் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்.

இன்று காலை சோதித்துப் பார்த்தேன். 271 − 146 கொடுத்தேன். அதே ஏழு பேரும் 135 என்று எழுதினார்கள். விடை 125. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி தப்பு செய்துவிட்டார்கள், இரண்டு பேர் வேறு என்று சொன்னீர்களே?

ஆண்டு2_டீச்சர் | வெள்ளி, மதியம் 3.10

முந்தின வாரப் பாடத்திட்டத்தில் கை வைத்தீர்களே, அங்கேதான் உங்கள் சிந்தனை மீட்சி தொடங்குகிறது. விரிவுரையாளர் தேடியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது 135-ஐப் பார்ப்போம். ஒன்றின் இடத்தில் 1, கீழே 6. மாற்றிக் கழித்தால் 6-இல் 1 போக 5. கடன் வாங்கினால் 11-இல் 6 போக அதுவும் 5. இரண்டு தப்பும் ஒரே விடையில் போய் முடியும் கணக்கு இது. இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் ஐந்தாக இருந்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும். 563 − 227 கொடுங்கள். விடை 336. மாற்றிக் கழிக்கும் பிள்ளை 344 எழுதும். கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறக்கும் பிள்ளை 346 எழுதும். கூடவே கடன் வாங்கத் தேவையில்லாத 467 − 235 ஒன்றும் கொடுங்கள். உங்கள் காரணம் சரி என்றால் அதை எல்லாரும் சரியாகப் போட வேண்டும். அதிலும் தப்பு வந்தால் நாம் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு வேலையாகச் செய்யுங்கள். இடது பக்கத்தில் இன்று நடந்ததை மட்டும் எழுதுங்கள், பெரட்டுக்களம் ஐயா எழுதுவது மாதிரி. விடை, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்ற வார்த்தை. "கவனமில்லை", "சோம்பல்" மாதிரி ஒரு தீர்ப்பும் அங்கே வேண்டாம். இரண்டு நாள் கழித்து வலது பக்கத்தைத் திறந்து, இடது பக்கத்தில் எந்த வரி உங்களுக்குப் புரியவில்லையோ அதை மட்டும் எடுத்து ஏன் என்று கேளுங்கள். கீழே, இந்தக் காரணம் சரி என்றால் அடுத்த வகுப்பில் நான் எதைப் பார்ப்பேன் என்று ஒரு வரி. சிந்தனை மீட்சி எழுதக் கிப்ஸ் என்பவர் 1988-இல் கொடுத்த ஆறு படிகளைக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். நல்லதுதான். ஆனால் ஆறு கட்டத்தையும் ஒரே அளவு நிரப்பப் பார்க்கிறார்கள், ஆராய்கிற கட்டத்தில்தான் குறைவாக எழுதுகிறார்கள். உங்களுக்கு அந்தக் கட்டம்தான் ஒன்றரைப் பக்கம் வர வேண்டும்.

சிப்புட்காரன் | வெள்ளி, இரவு 7.45

நான் நோட்டுதான் கேட்க வந்தேன், இப்போது முழுவதும் படித்துவிட்டேன். ஒரு சந்தேகம். இந்த நோட்டுக்கு மதிப்பெண் உண்டுதானே? "தப்பை நானே சொல்லிக் கொடுத்தேன்" என்று எழுதிக் கொடுத்தால் குறைத்துவிட மாட்டார்களா? என் மகள் இடத்தில் இருந்தால் நான் எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆண்டு2_டீச்சர் | வெள்ளி, இரவு 9.00

அது நியாயமான பயம். சில விரிவுரையாளர்கள் அதற்குத்தான் மதிப்பெண் போடுவார்கள், சிலர் பாடம் பிழை என்று குறிப்பார்கள். இதைவிடக் கஷ்டமான இடமும் உண்டு. காரணத்தைத் தேடிப் போனால் சில சமயம் அது வகுப்பாசிரியரிடம் போய் நிற்கும், அல்லது இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்த ஏற்பாட்டில் போய் நிற்கும். அதை யார் எழுதிக் கொடுப்பார்கள்? நான் படித்த காலத்தில் இரண்டு நோட்டு வைத்திருந்தேன், ஒன்று கொடுப்பதற்கு, ஒன்று எனக்கு. அது சரியா என்று இன்றும் எனக்குள் கேள்வி இருக்கிறது.

மாலைநேரம் | வெள்ளி, இரவு 9.35

எனக்கு இரண்டு நோட்டு சரியாகப் படவில்லை. கொடுக்கிற நோட்டில் உண்மை இல்லை என்றால் அது எதற்கு? உணர்வைப் பற்றி நான் சொன்னதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நேற்று என் பழைய நோட்டைப் பார்த்தேன். "மனசு சரியில்லை" என்று 14 நாள் இருக்கிறது. எதனால் என்று ஒரு இடத்திலும் இல்லை.

பயிற்சி_ஆசிரியை | திங்கள், இரவு 9.15

இன்றைய முடிவைச் சொல்கிறேன். 467 − 235: ஏழு பேரும் சரி, 232. 563 − 227: நான்கு பேர் 344. இரண்டு பேர் 346. புதன்கிழமை 226 எழுதிய பையன் ஒருவன் இன்று 336 என்று சரியாகவே போட்டுவிட்டான். எப்படி என்று கேட்டேன். "அக்கா வீட்டில் குச்சி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்" என்றான். பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறாள்.

இடது பக்கத்தில் இதை அப்படியே எழுதினேன். வலது பக்கத்தை இன்னும் திறக்கவில்லை. மற்ற நான்கு பேருக்கும் நாளை குச்சிக் கட்டு எடுத்துப் போகிறேன். அந்த இரண்டு பேர் ஏன் குறைக்க மறக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் கரும்பலகையில் கடன் வாங்கிய இலக்கத்தை அடிக்காமல் மேலே சின்னதாக எழுதுகிறேன், அதுவாக இருக்கலாம். அதை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கப் போகிறேன். மதிப்பெண் விஷயத்தில், தப்பை மறைக்காமலே கொடுக்கப் போகிறேன்.

பெரட்டுக்களம் | செவ்வாய், காலை 6.05

அம்மா, உங்கள் இழையைப் படித்ததிலிருந்து ஒன்று மனசில் ஓடிக்கொண்டிருந்தது. 1996-இல் நாங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம். ஏன் வந்தோம் என்று என் மகள் போன தீபாவளிக்குக் கேட்டாள். டைரியை எடுத்தேன். "பீரோ, கட்டில் லாரியில் ஏற்றினோம். லாரி வாடகை 60 வெள்ளி. மாலை மழை." அவ்வளவுதான் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. மனைவி இருந்தால் சொல்லியிருப்பாள்.

நேற்று ராத்திரி, டீச்சர் தாளைப் பார்க்கச் சொன்ன மாதிரி, அந்த நாளை விட்டுவிட்டு அதற்கு முந்தின இரண்டு மாதத்தைப் படித்தேன். "லயத்தில் தண்ணீர் இல்லை" என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில், "பள்ளி வேன் வரவில்லை, பிள்ளையை நானே கொண்டு போய் விட்டேன்." மூன்று வாரம் கழித்து, "வேன் நின்றுவிட்டது." அதற்கு அடுத்த ஞாயிறு, "பட்டணத்தில் வீடு பார்த்தோம்."

இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். தண்ணீரா, வேனா, இல்லை நான் எழுதாமல் விட்ட வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள். அந்த வேனில் போனவள் அவள்தான். அந்தப் பக்கங்களைக் காட்டிக் கேட்கப் போகிறேன்.